50 அறை ஹோட்டலில் தண்ணீர், கரண்ட், கேஸ் செலவைக் குறைப்பது எப்படி? மீட்டரிலிருந்து லாண்டரி வரை முழுமையான வழிகாட்டி

சென்னையில் பெரம்பூர், பெரியமேடு, ராயபுரம், மண்ணடி பக்கம் உள்ள 40 முதல் 80 அறை வரையிலான ஹோட்டல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைப்பில் இருக்கும். கீழே தெருவைப் பார்த்த ரெஸ்டாரன்ட், மேலே நாலைந்து மாடி அறைகள், மொட்டை மாடியில் டேங்க், பின்பக்கம் சின்னதாக ஒரு லாண்டரி. மெட்ரோ வாட்டர் குழாய், லாரி, சொந்த போர் என்று தண்ணீர் மூன்று வழியில் வரும். கடலோரப் பகுதி என்றால் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். பல இடங்களில் மூன்றும் ஒரே சம்பில் விழுந்து கலந்துவிடுகின்றன. கணக்கும் அங்கேயே தொலைந்துபோகிறது.

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் அறையில் "துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்" என்று அட்டை வைப்பதும், பல்பை மாற்றுவதும்தான் முதலில் நடக்கும். அது தவறில்லை. ஆனால் விருந்தினர் எவ்வளவு நேரம் குளிக்கிறார் என்பது நம் கையில் இல்லை. ஒரு அறைகூட நிரம்பாத நாளிலும் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரும் கரண்டும் கேஸும் முழுக்க நம் கையில் இருக்கின்றன. எவ்வளவு பெரிது என்று தெரியாததால் அதை யாரும் தொடுவதில்லை. அந்த அளவை முதலில் கண்டுபிடிப்பது, பிறகு சமையலறையிலும் லாண்டரியிலும் அதைக் குறைப்பது என்ற வரிசையில்தான் இந்த வழிகாட்டி போகிறது.

கணக்குக்காக ஒரு ஹோட்டலை வைத்துக்கொள்வோம். 50 அறை, சராசரியாக 35 அறை நிரம்பும். ரெஸ்டாரன்டில் நாளுக்கு 300 பேர் சாப்பிடுகிறார்கள். 20 கிலோ வாஷிங் மெஷின் ஒன்று, ட்ரையர் ஒன்று. இதில் வரும் எண்கள் எல்லாம் இந்த ஹோட்டலுக்கானவை. உங்கள் எண் வேறாக வரும், கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: தண்ணீர் மீட்டரை எங்கே மாட்டுவது

தெருக் குழாய் உள்ளே வரும் இடத்தில் மீட்டர் மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் சப்ளை விட்டு விட்டு வருகிறது. குழாய் காலியாக இருந்து தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது காற்று. அந்தக் காற்றும் மீட்டரைச் சுற்றும். தவிர, லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் அந்த மீட்டர் பக்கமே வராது.

அதனால் மீட்டரின் சரியான இடம் மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் குழாய்கள்தான். அங்கே குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும். குறைந்தது மூன்று மீட்டர் வேண்டும்: அறைகளுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, லாண்டரிக்கு ஒன்று. ஒரே நேரத்தில் மூன்றும் வாங்க முடியாது என்றால் டேங்கின் மொத்த வெளியேற்றத்துக்கு ஒன்றும், சமையலறைக்கு ஒன்றும் முதலில் போடுங்கள். பழைய கட்டடத்தில் சமையலறையும் முதல் மாடி அறைகளும் ஒரே இறக்கத்தில் இருக்கும். அப்படியென்றால் பிளம்பரை வைத்துப் பிரிக்காமல் மீட்டர் மாட்டுவது வீண்.

மாட்டும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் குழாயின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நீளத்துக்கு வளைவோ வால்வோ இல்லாத நேர்க் குழாய் இருக்கட்டும், அதாவது ஒரு இன்ச் குழாய்க்கு பத்து இன்ச். எல்போவை ஒட்டி மாட்டினால் தண்ணீர் சுழன்று வந்து மீட்டர் தப்பாகக் காட்டும். அடுத்தது, முன்னால் மணலைப் பிடிக்கும் வலை வைத்த ஒரு ஸ்ட்ரெய்னர். லாரித் தண்ணீரோடு வரும் மணலும் டேங்க் அடியின் வண்டலும் மீட்டருக்குள் போனால் சக்கரம் கனத்துக் குறைவாகக் காட்ட ஆரம்பிக்கும். செலவு குறைந்துவிட்டது என்று நாமும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

லாரித் தண்ணீருக்கு மீட்டர் தேவையில்லை, ஒரு அளவுக் கம்பு போதும். சம்பின் உள் அளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் பரப்பு 6 சதுர மீட்டர், மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 60 லிட்டர். 9,000 லிட்டர் லாரி காலியானால் மட்டம் 150 சென்டிமீட்டர் ஏற வேண்டும். கம்பில் சென்டிமீட்டர் குறித்து வைத்து, இறக்குவதற்கு முன்னும் பின்னும் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சம்ப் மோட்டார் நின்றிருக்க வேண்டும், மெட்ரோ குழாய் வால்வும் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரிக்காரரிடம் வீண் சண்டைதான் வரும்.

படி 2: இரண்டு நாள் கணக்கும், இரவு இரண்டு மணி கணக்கும்

மீட்டர் மாட்டி இரண்டு வாரம் தினமும் காலை ஆறு மணிக்கு ரீடிங் எடுங்கள். பக்கத்திலேயே அன்று எத்தனை அறை நிரம்பியது என்றும் எழுதுங்கள். பிறகு கூட்டம் குறைந்த ஒரு நாளையும், நிரம்பிய ஒரு நாளையும் எடுத்துப் பாருங்கள்.

நம் ஹோட்டலில் 20 அறை நிரம்பிய நாள் 21,500 லிட்டர் போயிருக்கிறது. 45 அறை நிரம்பிய நாள் 30,250 லிட்டர். கூடுதலாக 25 அறைக்கு 8,750 லிட்டர், அதாவது அறைக்கு 350 லிட்டர். சரி, 20 அறைக்கு 7,000 லிட்டர் என்றால் அந்த நாளின் மீதி 14,500 லிட்டர் எங்கே போனது? அறை ஒன்றுகூட நிரம்பாவிட்டாலும் தினமும் போகும் தண்ணீர் அது. சமையலறை மீட்டர் தினமும் சுமார் 8,000 காட்டுகிறது. ஆக, 6,500 லிட்டருக்குக் கணக்கு இல்லை.

இந்த 6,500 எங்கே என்று தேட இரவு ரீடிங் எடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் டேங்கின் மொத்த மீட்டரை, அது இல்லையென்றால் மூன்று மீட்டரையும், வாட்ச்மேன் போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். அந்த நேரத்தில் சமையலறை மூடியிருக்கும், லாண்டரி ஓடாது, விருந்தினர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நம் ஹோட்டலில் அந்த இரண்டு மணி நேரத்தில் 520 லிட்டர் போயிருக்கிறது. பத்து முறை யாராவது ஃப்ளஷ் செய்திருந்தால்கூட 100 லிட்டர்தான். மீதி 420 லிட்டர் கசிவு, மணிக்கு 210. நாள் முழுக்க அதே வேகம் என்றால் 5,040 லிட்டர். கணக்கில் வராத 6,500ல் முக்கால் பங்குக்கு மேல் இங்கேயே கிடைத்துவிட்டது. எஞ்சிய 1,460 லிட்டர் தரை கழுவுவதற்கும், மீட்டர் இல்லாத ஆர்.ஓ. இணைப்புக்கும் போகிறது.

ஒரு ராத்திரி ரீடிங்கை மட்டும் நம்ப வேண்டாம். சென்ட்ரலில் நள்ளிரவு ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்கள், விடியற்காலை ரயிலைப் பிடிக்க மூன்றரைக்கே குளிக்கிறவர்கள் பெரியமேடு பக்கம் சாதாரணம். நாலைந்து ராத்திரி எடுத்து, அதில் மிகக் குறைந்த ரீடிங்கைக் கசிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கசிவைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்க். சமையலறையிலிருந்து கொஞ்சம் கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, ஃப்ளஷ் டேங்கில் ஊற்றுங்கள். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. பிறகு கீழே கிண்ணத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு இறங்கியிருந்தால் அடியில் உள்ள ரப்பர் சீல் போய்விட்டது என்று அர்த்தம். காதுக்குச் சத்தமே கேட்காத கசிவையும் இது காட்டிக்கொடுக்கும். நிமிடத்துக்குக் கால் லிட்டர் கசியும் ஒரு டாய்லெட் நாளுக்கு 360 லிட்டரைக் கொண்டுபோகும். அப்படிப் பதினான்கு இருந்தால் நம் 5,040 லிட்டர் ஆகிவிடும். உப்புத் தண்ணீர் கலந்து ஓடும் கட்டடத்தில் ரப்பர் சீலின் ஓரத்தில் வெள்ளையாகப் படிவம் ஏறி, அது சரியாக உட்காராது. பழுது வந்தபிறகு ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட ஒரு மாடி முழுக்க மொத்தமாக மாற்றுவதே நல்லது.

அதன்பிறகும் கசிவு குறையவில்லை என்றால் அறை லைன் வால்வை ராத்திரி பத்து நிமிடம் மூடிப் பாருங்கள். மொத்த மீட்டர் நின்றால் கசிவு அறைகள் பக்கம், நிற்காவிட்டால் சமையலறை அல்லது லாண்டரி லைன். மாடி டேங்கின் ஓவர்ஃப்ளோவை இந்த மீட்டர் காட்டாது, ஏனென்றால் அது மீட்டருக்கு முன்னாலேயே வழிந்துவிடும். மோட்டார் ஓடும்போது மாடிக்குப் போய் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 3: கரண்ட் மீட்டர்கள்

கரண்டுக்கு லாண்டரி, சமையலறை, தண்ணீர் மோட்டார், ஹீட்டர்கள், ஏசி என ஐந்து சப்-மீட்டர் இருந்தால் வேண்டிய அளவு தெரிந்துவிடும். இவற்றில் பெரிய லோடுக்கு, கம்பியில் போகும் கரண்டை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் சி.டி. வைத்த மீட்டர்தான் வரும். அதில் அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு. ஒரு ஃபேஸின் சி.டி. திருப்பி மாட்டப்பட்டிருந்தால் மீட்டர் மிகக் குறைவாகக் காட்டும். 100/5 சி.டி.யை மாட்டிவிட்டு மீட்டரில் 200/5 என்று செட் செய்திருந்தால் சரியாக இரண்டு மடங்கு காட்டும். எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு லோடை மட்டும் ஓடவிட்டுச் சோதியுங்கள். 2 கிலோவாட் கீசர் தெர்மோஸ்டாட் கட் ஆகாமல் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

தண்ணீர் மீட்டரும் மோட்டாரின் கரண்ட் மீட்டரும் சேர்ந்தால் இன்னொரு விஷயமும் தெரியும். சம்பிலிருந்து மாடி டேங்குக்கு 25 மீட்டர் உயரம் என்றால் ஆயிரம் லிட்டர் ஏற்ற, கணக்குப்படி 0.07 யூனிட் போதும். சாதாரண மோனோபிளாக் பம்பின் திறனைச் சேர்த்தால் 0.15 முதல் 0.18 யூனிட் வரலாம். உங்களுடையது 0.3க்கு மேல் வந்தால் ஃபுட் வால்வு, பாதி மூடிய வால்வு, தேய்ந்த இம்பெல்லர் என்ற வரிசையில் பாருங்கள்.

எச்.டி. எனும் உயர் அழுத்த இணைப்பு உள்ளவர்கள், ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச லோடுக்கான டிமாண்ட் சார்ஜையும் பார்க்க வேண்டும். பதிவான அதிகபட்ச டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம் என்ற இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் வரும். ஒப்பந்தம் 160 கே.வி.ஏ. என்றால் 144க்குக் கீழே இறங்கினாலும் 144க்கே கட்ட வேண்டும். சாயங்காலம் ஓடும் 18 கிலோவாட் ட்ரையரை மத்தியானத்துக்கு மாற்றினால் 150 ஆக இருந்த உச்சம் 132க்கு இறங்கலாம். ஆனால் முழுப் பலன் ஒப்பந்த டிமாண்டைக் குறைக்க விண்ணப்பித்த பிறகுதான் வரும். மே மாதம் உட்பட ஒரு வருட ரீடிங்கைப் பார்க்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். எல்.டி. எனும் தாழ்வழுத்த இணைப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

படி 4: சமையலறை

சமையலறையில் கேஸ் எங்கே போகிறது என்று கேட்டால் பெரிய பர்னரைக் காட்டுவார்கள். உண்மையில் பெரும்பகுதி ஆவியாகத்தான் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அதே ஒரு லிட்டரைக் கொதிக்கவிட்டு முழுக்க ஆவியாக்க 540 கிலோகலோரி வேண்டும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் எவ்வளவு தீ வைத்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் சாம்பார் தளதளவென்று கொதித்தாலும் லேசாகக் கொதித்தாலும் பருப்பு வேகும் வேகம் ஒன்றுதான். கூடுதல் தீ எல்லாம் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகிறது.

கேஸ் கணக்கில் பார்த்தால், எல்.பி.ஜி. ஒரு கிலோவில் சுமார் 10,900 கிலோகலோரி இருக்கிறது. பெரிய அடுப்பில் பாதிதான் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக சுமார் 100 கிராம் கேஸ் செலவாகிறது. இதை இட்லிப் பாத்திரத்தில் அளந்துவிடலாம். காலையில் அளந்து ஊற்றுங்கள். டிபன் முடியும்வரை மேலே எவ்வளவு ஊற்றினார்கள் என்று ஒரு லிட்டர் ஜக்கால் எண்ணச் சொல்லுங்கள். நம் ஹோட்டலில் ஒரு காலைக்கு 12 லிட்டர் ஊற்றியிருக்கிறார்கள். இட்லி வேக ஆவி வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தட்டு ஏற்றாத இடைவெளியிலும் முழுத் தீ எரிந்ததால்தான் இவ்வளவு போயிருக்கிறது.

மாஸ்டரிடம் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில், "தீய கொறச்சா அடுத்த ஈடுக்கு ஆவி வர லேட்டாகும் சார், கஸ்டமர் நிக்கிறாங்க." நியாயமான பதில். அதனால் தீயை அணைக்கச் சொல்லக் கூடாது. மூடி இறுக்கமாக இருக்க, கொதி நிற்காத அளவுக்கு மட்டும் சிம்மில் வைக்கச் சொல்ல வேண்டும். தட்டு ஏற்றியதும் கூட்டினால் ஓரிரு நிமிடத்தில் ஆவி பிடித்துவிடும். அப்படிச் செய்து 12 லிட்டர் 5 லிட்டராகக் குறைந்தால், ஒரு காலைக்கு 700 கிராம் கேஸ். மாதத்துக்கு 21 கிலோ, அதாவது ஒரு 19 கிலோ சிலிண்டருக்கு மேல். ஒரே ஒரு பாத்திரத்தில் கிடைக்கும் மிச்சம் இது. டீ பாய்லர், சாம்பார் அண்டா, வெந்நீர் தவலை எல்லாவற்றுக்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

அடுத்தது, திருப்பி அனுப்பும் சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் கேஸ். மொத்தமாகக் கேஸ் இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி பிடிக்கும். உள்ளே திரவம் இருந்தாலும் ஆவியாகாது, அடுப்பு மங்கும், தீர்ந்துவிட்டது என்று கழற்றிவிடுவார்கள். சிலிண்டரின் மேல்புறம் காலி எடை பொறித்திருக்கும். கழற்றியதை எடைபோட்டு அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ மிச்சம் தொடர்ந்து வந்தால் ஒரே நேரத்தில் இணைத்திருக்கும் சிலிண்டர்கள் போதவில்லை. சிலிண்டர்களை ஒன்றாக இணைக்கும் குழாயான மேனிஃபோல்டில் இன்னும் ஒன்றிரண்டைச் சேர்க்கச் சொல்லி ஏஜென்சியிடம் கேளுங்கள். சிலிண்டரைப் படுக்கப்போடுவதும், வெந்நீர் ஊற்றுவதும், அடியில் வெந்நீர்த் தட்டு வைப்பதும் உயிருக்கே ஆபத்து. அந்தப் பழக்கம் எந்தச் சமையலறையில் இருந்தாலும் இன்றே நிறுத்த வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். பாத்திரம் கழுவும் குழாயின் கீழ் ஒரு 10 லிட்டர் பக்கெட்டை வைத்து நேரம் பாருங்கள். 50 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 12 லிட்டர். கழுவும் நேரத்தில் மொத்தம் இரண்டு மணி நேரம் குழாய் திறந்தே இருந்தால் 1,440 லிட்டர். அதற்குப் பதில் 80 லிட்டர் தொட்டி மூன்று வையுங்கள்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் முதல் அலசல், ஒன்றில் கடைசி அலசல். ஒரு நாளில் மூன்று முறை மூன்றையும் மாற்றினாலும் 720 லிட்டர்தான். ஒரே நிபந்தனை, எச்சிலையும் எண்ணெயையும் தொட்டிக்கு வருவதற்கு முன்னாலேயே வழித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி அரை மணியில் கெட்டுவிடும், மறுபடியும் குழாயைத் திறந்துவிடுவார்கள். தட்டின் மேல் இலை போட்டுப் பரிமாறும் வழக்கம் இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். பிரியாணி அண்டாவின் அடிப்பிடிப்பைத் தேய்க்கும்போது தண்ணீர் ஓடவே கூடாது. அண்டா சூடாக இருக்கும்போதே இரண்டு ஜக் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், ஒரு மணி நேரத்தில் கரண்டியால் எடுத்துவிடலாம்.

குழாய் முனையில் தண்ணீரோடு காற்றைக் கலக்கும் ஏரேட்டர் வைத்தால் நிமிடத்துக்கு 5, 6 லிட்டராகக் குறையும். கை கழுவும் பேசினுக்கும் அலசும் குழாய்க்கும் அது சரி. அண்டா நிரப்பும் குழாய்க்கு வைப்பதில் பயன் இல்லை: 40 லிட்டர் வேண்டுமென்றால் 40 லிட்டர்தான் போகும், நேரம்தான் அதிகமாகும். கடினத் தண்ணீரில் ஏரேட்டர் வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைக்காவிட்டால் யாராவது பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

உறைந்த மீனையும் கோழியையும் ஓடும் குழாயின் கீழ் போட்டு இளக்குவது இன்னொரு ஓட்டை. 20 நிமிடத்துக்கு 240 லிட்டர். நாளைக்கு வேண்டியதை இன்று ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் தண்ணீரும் போகாது, அந்தக் குளிர்ச்சி ஃப்ரிட்ஜின் வேலையையும் கொஞ்சம் குறைக்கும். காசிமேட்டிலிருந்து அன்றன்று மீன் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு தனி டேங்கில் பிடித்துத் தரை கழுவவும், வாய்ப்பிருந்தால் ஃப்ளஷுக்கும் விடலாம். உப்பு அதிகம் என்பதால் செடிக்கும் துணிக்கும் பாய்லருக்கும் அது ஆகாது.

படி 5: லாண்டரி நேரத்தை மாற்றுவது

வடசென்னையின் பல லாட்ஜுகளில் 24 மணி நேர செக்-அவுட். காலையில் நாலு அறை, மத்தியானம் ஆறு, ராத்திரி மூன்று என்று காலியாகும். அழுக்குத் துணியும் அப்படியே சிதறித்தான் வரும். கையிருப்பில் இரண்டு செட் மட்டுமே இருந்தால் வந்தவுடன் துவைத்தாக வேண்டும். அதனால்தான் மெஷின் பாதி லோடில் ஓடுகிறது. இதற்கு மருந்து மூன்றாவது செட்: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். நேர அட்டவணை போடுவதற்கு முன் இதை வாங்கியாக வேண்டும். இரண்டு செட்டை வைத்துக்கொண்டு அட்டவணை போட்டால் முதல் கூட்ட நாளிலேயே அது கிழிந்துவிடும்.

நம் ஹோட்டலில் நாளுக்கு 90 கிலோ துணி வருகிறது. பழைய முறையில் 10 கிலோ வீதம் ஒன்பது லோடு. மட்டம் நிலையாக நிரப்பும் மெஷின் பாதி லோடுக்கும் முழு லோடுக்கும் ஒரே 360 லிட்டரைத்தான் எடுக்கும், ஆக 3,240 லிட்டர். 18 கிலோ வீதம் போட்டால் ஐந்து லோடு, 1,800 லிட்டர். கண் மட்டத்தில் போடாமல் ஒரு தராசு வையுங்கள். 20 கிலோ மெஷினில் 18 போதும். அதற்கு மேல் திணித்தால் துணி புரளாது, அழுக்கும் போகாது, மறுபடி துவைக்கும் துணியில் மிச்சமானது எல்லாம் போய்விடும்.

நேரம் எது? காலை ஆறிலிருந்து பத்து வரை விருந்தினர் குளியலும் டிபன் வேலையும் சேர்ந்து டேங்கும் இறங்கும், மோட்டாரும் ஓடும். சாயங்காலம் ஆறுக்குப் பிறகு ஏசியும் ரெஸ்டாரன்டும் உச்சத்தில் இருக்கும். பில்லில் பீக் அவருக்குத் தனி வரி இருந்தால் இந்த இரண்டு வேளைகளும்தான் அதில் இருக்கும். ஆகவே பத்தரைக்கு ஆரம்பித்து நாலரைக்குள் முடிப்பதே நல்லது. பத்து மணிவரை வந்த துணியையும், முந்தைய சாயங்காலம் வந்ததையும் பிரித்து அடுக்குங்கள். முதலில் பெட்ஷீட், பிறகு துண்டு, கடைசியில் சமையலறைத் துணி. பெட்ஷீட்டையும் துண்டையும் ஒரே லோடில் கலக்க வேண்டாம். ஷீட் காய்ந்த பிறகும் துண்டுக்காக ட்ரையர் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஓட்டினால் டிமாண்ட் குறையும், ஆனால் லாண்டரிக்கு மேலே உள்ள அறைகளில் அதிர்வு கேட்கும். கட்டடம் தனியாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ட்ரையரின் கரண்டைத் தீர்மானிப்பது வாஷிங் மெஷினின் பிழிதல். துணியில் மீதியிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.63 யூனிட் வேண்டும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் ஒரு யூனிட்டை நெருங்கும். 10 கிலோ காய்ந்த துண்டைத் துவைத்துப் பிழிந்து எடைபோட்டுப் பாருங்கள். 16 கிலோ வந்தால் நன்றாகப் பிழிகிறது. 19 வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், வடிகால் அடைத்திருக்கலாம், அல்லது லோடு ஒருபக்கம் சாய்ந்து மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்திருக்கலாம். நாளுக்கு 40 கிலோ துண்டு என்றால் அந்த வித்தியாசம் 12 லிட்டர், அதாவது 12 யூனிட். மாதத்துக்கு 360. ட்ரையரின் பஞ்சு வலையை ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் தட்டுவது இதோடு சேர்ந்த வேலை. பெட்ஷீட்டை ட்ரையரில் போடவே வேண்டாம், ஈரம் இருக்கும்போதே இஸ்திரிக்குப் போகலாம்.

மாடியில் உலர்த்தலாமா? தாராளமாக. ஆனால் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் தூசி வெள்ளைத் துணியில் படியும். மேலே தகரமும் சுற்றி வலையும் போட்ட இடமாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்காது. அந்த மாதங்களின் கரண்ட் கணக்கைத் தனியாகவே வையுங்கள்.

கடைசி அலசல் தண்ணீர் கிட்டத்தட்ட சுத்தமானது. அதை 500 லிட்டர் டேங்கில் பிடித்து அடுத்த லோடின் முதல் கழுவலுக்கு விட்டால் லோடுக்கு 90, 100 லிட்டர் மிச்சம். சமையலறைத் துணி லோடிலிருந்து பிடிக்க வேண்டாம். ராத்திரி தேக்கி வைக்கவும் வேண்டாம், நாறிவிடும்.

துணி சாம்பல் நிறமாகிறது என்று இன்னொரு அலசலைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. அதற்கு முன் கடைசி அலசல் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி பிடித்துக் குலுக்குங்கள். நுரை நின்றால் சோப்பு அதிகம், அலசல் போதாமல் இல்லை. சோப்பைக் குறையுங்கள். நுரை நிற்காமலும் துணி சாம்பலாக இருந்தால் தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம். லாரி வராத நாளில் சம்பில் போர் தண்ணீர் அதிகமாகக் கலக்கும், கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் அதற்குத் தகுந்தபடி செட் ஆகியிருக்காது. ஹார்ட்னஸ் சோதனை கிட் ஒன்றை லாண்டரியில் வைத்து முதல் லோடுக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்ட்ரல் வெந்நீர் டேங்க் வைத்திருப்பவர்கள் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதன் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது. வெதுவெதுப்பாக நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். லாண்டரிக்கு ஷீட்டை 40 டிகிரியில் துவைக்க வேண்டுமென்றால் மெஷினில் பச்சைத் தண்ணீர் கலந்து கொள்ளுங்கள்.

படி 6: நோட்டு

நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, நிரம்பிய அறை, சாப்பிட்டவர்கள், மூன்று தண்ணீர் ரீடிங், ஐந்து கரண்ட் ரீடிங், மாற்றிய சிலிண்டர், துவைத்த கிலோ. வாரம் ஒரு ராத்திரி இரண்டு மணி, நாலு மணி ரீடிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டிய எண்கள் நான்கு: அறைக்கு எத்தனை லிட்டர், சாப்பிட்டவருக்கு எத்தனை லிட்டர், துணி கிலோவுக்கு எத்தனை லிட்டர், ராத்திரி மணிக்கு எத்தனை லிட்டர். இதில் கடைசி எண்தான் முதலில் கெடும். சீல் மாற்றிய மாதம் 210லிருந்து 40க்கு இறங்கும், ஆறேழு மாதத்தில் மெல்ல 120க்கு ஏறும். அப்போது மறுபடியும் கேசரிப் பவுடரோடு மாடி மாடியாகப் போக வேண்டும்.

மீட்டரையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். அந்த லைனின் மற்ற குழாய்களை மூடிவிட்டு, ஒரு குழாயிலிருந்து 20 லிட்டர் கேனைப் பத்து முறை நிரப்புங்கள். மீட்டர் 200 காட்ட வேண்டும். 195 முதல் 205 வரை சரி. 180 காட்டினால் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவி மறுபடி பாருங்கள். அப்போதும் 180தான் என்றால் மீட்டரை மாற்றிவிட்டு, மாற்றிய தேதியை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். அதற்கு முந்தைய ரீடிங்குகளைப் புதிய ரீடிங்குகளோடு ஒப்பிடக் கூடாது.